மாடி பார்லருக்கு நாலெழுத்துப் பெயர்

கேள்வி: நான் குடியாத்தத்தைச் சேர்ந்தவள். பியூட்டிஷியன் கோர்ஸ் முடித்து, வேலூரில் ஒரு பார்லரில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். இப்போது எங்கள் ஊரிலேயே சொந்தமாகப் பெண்களுக்கான சலூன் தொடங்குகிறேன். கடை முதல் மாடியில், முகப்பு பத்து அடி அகலம், மேற்குப் பார்த்தது. 'ஷைன் அண்ட் க்ளோ பியூட்டி ஸ்டுடியோ', மகள் பெயரில் 'யாழினி', மாமியார் சொல்லும் 'ஸ்ரீ லட்சுமி' என்று மூன்று பெயர்கள் கையில் இருக்கின்றன. ஃப்ளெக்ஸ் கடையில் ஒரு பெண் முகம், பறக்கும் கூந்தல், கத்தரிக்கோல் வைத்து பிங்க்கும் தங்க நிறமுமாக லோகோ காட்டினார்கள். எந்தப் பெயரை வைப்பது, இந்த லோகோ போதுமா? வைகாசி சிரசுத் திருவிழாவுக்கு முன் திறக்க வேண்டும்.
– வாசகி, குடியாத்தம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பெயர்ப்பலகையும் லோகோவும் செய்வதுதான் என் தொழில். உங்கள் கேள்விக்கு நேராகவே வருகிறேன். உங்கள் ஊரில் ஒரு பார்லருக்குப் புது ஆள் எப்படி வருவார் என்று நினைத்துப் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் பெண்ணின் அலங்காரத்தைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா பக்கத்தில் இருப்பவரிடம், "எங்க பண்ணாங்க?" என்று கேட்பார். பதில் ஒரே மூச்சில் வரும். கேட்டவர் அதை இரண்டு நாள் ஞாபகம் வைத்திருந்து, மகளிடம் சொல்லி, மகள் போனில் தேடுவாள். வாயில் சொல்வது, காதில் விழுவது, ஞாபகத்தில் தங்குவது, விரலால் தட்டுவது என்று நான்கு இடங்களை உங்கள் பெயர் கடக்க வேண்டும். ஓரிடத்தில் தடுமாறினாலும் நீங்கள் 'அந்த மாடியில இருக்கற பார்லர்' ஆகிவிடுவீர்கள். நாளைக்கு எதிர்மாடியில் இன்னொருவர் பார்லர் திறந்தால் அந்த அடையாளமும் கைவிட்டுப் போகும்.

உங்கள் மூன்று பெயர்களையும் இந்த வழியில் நடத்திப் பார்ப்போம்.

'ஷைன் அண்ட் க்ளோ பியூட்டி ஸ்டுடியோ' காதில் விழும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷைன், க்ளோ, பியூட்டி, ஸ்டுடியோ என்ற நான்கு சொற்களும் எந்த பார்லர் பலகையிலும் இருக்கக்கூடியவை. கேட்டவர் மனதில் 'ஏதோ க்ளோ' என்று மட்டும் மிஞ்சும். பலகையிலும் இடிக்கும். தமிழில் எழுதினால் பதினைந்து எழுத்து, நடுவில் நான்கு இடைவெளி. பத்து அடி அகலத்தில் ஒரே வரியாக எழுதினால் ஓர் எழுத்து ஐந்து அங்குல உயரம் வருவதே கஷ்டம். முதல் மாடியில் வைக்கிற பலகைக்கு அது போதாது.

'யாழினி'யை நீங்கள் ஆசையாக யோசித்திருப்பீர்கள். சின்ன ஊரில் ஆள் பெயருக்கு ஒரு பலமும் உண்டு, கடைக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது என்ற நம்பிக்கையை அது தரும். சிக்கல் தேடும் இடத்தில்தான். ஒருவர் Yazhini என்று தட்டுவார், இன்னொருவர் Yalini, மூன்றாமவர் Yaazhini. குடியாத்தத்தில் தெலுங்கும் உருதுவும் வீட்டில் பேசும் பெண்கள் நிறைய. பேரணாம்பட்டுப் பக்கமிருந்தும் வருவார்கள். அவர்களில் பலருக்கு 'ழ' சொல்லவே சிரமம். தன் வாயில் சரியாக வராத பெயரை யாரும் அடுத்தவருக்குச் சொல்ல மாட்டார்கள். மகள் பெயரை வீட்டு விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பலகைக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

மாமியார் சொன்ன பெயரில் பக்தி இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் ஸ்ரீபுரம் பொற்கோயிலில் லட்சுமி நாராயணி குடிகொண்டிருக்கும் மாவட்டம் இது. லட்சுமி, நாராயணி என்று ஜவுளிக்கடை, மருந்துக்கடை, பேக்கரி எல்லாம் இங்கே உண்டு. போனில் தேடினால் அந்தக் கடைகளின் வரிசையில் நீங்களும் ஒருவராக நிற்பீர்கள். அம்மனைக் கல்லாவுக்கு மேல் படமாக வையுங்கள், விளக்கேற்றுங்கள். மாமியாரின் விருப்பமும் நிறைவேறும், பலகையும் உங்களுடையதாக இருக்கும்.

சரி, அப்புறம் எங்கிருந்து பெயர் எடுப்பது? நான் வழக்கமாகச் செய்வது, வாடிக்கையாளர் கை தினமும் தொடுகிற பொருள்களை எழுதிப் பார்ப்பது. கண்ணால் பார்க்க முடிகிற பொருள் மனதில் தங்கும், அதிலிருந்து லோகோவும் கிடைத்துவிடும். உங்களுக்காக எழுதிப் பார்த்தேன். ஜிமிக்கி: அழகான சொல், எல்லா வீட்டிலும் தெரியும், ஆனால் பலகையில் பார்த்தால் கவரிங் கடை என்று நினைப்பார்கள். மருதாணி: கையில் மெஹந்தி போடுகிற இடம் என்று மட்டும் எண்ணுவார்கள், ஃபேஷியலுக்கு வர மாட்டார்கள். தாவணி என்றால் துணிக்கடை. சிமிழில் மறுபடியும் 'ழ' வந்துவிடுகிறது. குஞ்சலம் எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் கல்லூரிப் பெண்களில் பலருக்கு அது என்னவென்றே தெரியாது. Kunjalam, Gunjalam என்று இரண்டு விதமாகவும் எழுதுவார்கள்.

கடைசியில் நின்றது 'பின்னல்'.

நாலே எழுத்து. தமிழ் தெரியாத வீட்டிலும் சொல்ல வரும். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பெரும்பாலானோர் Pinnal என்றுதான் எழுதுவார்கள். அதற்கு மேல் ஒன்று: கல்யாணத்தில் மேடைக்குப் பின்னாலும் பந்தியிலும் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படுவது மணப்பெண்ணின் பூ வைத்த பின்னல்தான். உங்கள் வேலையைப் பார்க்கிற அந்த நொடியிலேயே உங்கள் பெயரும் அவர்கள் கண் முன்னால் இருக்கிறது.

இதற்கு இரண்டு ஆட்சேபம் வரும். ஒன்று, தலைமுடி வேலை மட்டும்தான் செய்வார்கள் என்று நினைக்க மாட்டார்களா? கீழே 'மகளிர் அழகு நிலையம்' என்ற வரி அதைப் பார்த்துக்கொள்ளும். என்னென்ன செய்கிறீர்கள் என்பதை விலைப்பட்டியல் சொல்லட்டும், பெயர் ஞாபகத்தில் நின்றால் போதும். இரண்டாவது, லேயர் கட் செய்ய வரும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இது பழசாகத் தோன்றாதா? எழுத்தின் வடிவம் பழசாக இருந்தால் தோன்றும். பெயரை நீளக் கொம்புகளும் சுருள்களுமாக, கல்யாணப் பத்திரிகை பாணியில் எழுதாமல், நேரான, உருண்டையான எழுத்தில் எழுதினால் அந்தக் குறை வராது.

நான் சொல்வதற்காக உடனே வைத்துவிடாதீர்கள். உங்கள் தெருவிலும் கணவர் வீட்டுப் பக்கமும் தெரிந்த ஐந்தாறு பெண்களிடம் பேச்சோடு பேச்சாக ஒரே ஒரு முறை பெயரைச் சொல்லுங்கள். எழுதிக் காட்டாதீர்கள், திருப்பிச் சொல்லாதீர்கள். இரண்டு நாள் கழித்து, "என் கடைக்கு என்ன பேர்னு சொன்னேன்?" என்று கேளுங்கள். அப்படியே சொன்னால் பெயர் தேறிவிட்டது. 'ஏதோ கூந்தல்னு சொன்ன' என்றால் தங்கவில்லை. நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். உறவுக்காரர்கள் எதைச் சொன்னாலும் நல்லா இருக்கு என்பார்கள்.

அடுத்து, அந்தப் பெயரை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி, வேலூர் என்று ஒவ்வோர் ஊருக்கும் கூகுள் மேப்பில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள். இன்ஸ்டாகிராமிலும் பாருங்கள். பிறகு மத்திய அரசின் வணிகச் சின்னத் தளமான ipindia.gov.in போய், பொதுத் தேடலில் 44-ஆம் வகுப்பைக் கொடுத்துத் தேடுங்கள். அழகுப் பராமரிப்புச் சேவைகள் அந்த வகுப்பில்தான் வரும். அங்கே Wordmark என்ற தேடல் எழுத்தைப் பார்க்கும், Phonetic என்பது ஒலியைப் பார்க்கும். இரண்டையும் செய்து பாருங்கள், ஏனென்றால் எழுத்து வேறாக இருந்து ஒலி ஒன்றாக இருந்தாலும் ஆட்சேபம் வரலாம். அதே வகுப்பில் யாராவது பதிவு செய்திருந்தால் மனசைத் தேற்றிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள். பெரிய சங்கிலிக் கடைகளின் பெயரை ஒட்டி 'நேச்சுரல்', 'ட்ரெண்ட்ஸ்' என்று எதையும் சேர்க்காதீர்கள்.

பதிவு செய்வது உடனே கட்டாயம் இல்லை. தனிநபராக ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய், பதிவு கிடைத்தால் பத்து வருடம் செல்லும். தொழிலை மட்டும் விவரிக்கிற பெயர்களுக்கு 1999-ஆம் வருட வணிகச் சின்னச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் ஆட்சேபம் எழும். 'ஷைன் அண்ட் க்ளோ' மாதிரிப் பெயர்களை நான் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பதிவாகும் முன் பெயருக்குப் பக்கத்தில் ® போடக் கூடாது, அது சட்டப்படி குற்றம். TM என்று போட்டுக்கொள்ளலாம்.

இனி லோகோ. ஃப்ளெக்ஸ் கடையில் காட்டிய பெண் முகத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது கடைக்காரரின் கம்ப்யூட்டரில் எப்போதும் இருக்கிற படம். நாளைக்கு ஆம்பூரிலோ ஆரணியிலோ இன்னொரு பார்லருக்கும் அதே முகம்தான் போகும். வாட்ஸ்அப்பில் உங்கள் படம் ஒரு சிறு வட்டத்தில்தான் தெரியும். அந்த அளவில் பறக்கும் கூந்தலின் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கறையாகிவிடும். தங்க நிறமும் திரையில்தான் மின்னும், ஃப்ளெக்ஸில் அடித்தால் மங்கிய கடுகு மஞ்சளாக வரும். பில் புத்தகத்தில் ஒரே மையில் அடிக்கும்போது அதுவும் போய்விடும்.

உங்களுக்கு வேண்டியது ஒரே நிறத்தில் வரையக்கூடிய ஒரு பின்னல். மூன்று கால் பின்னல், மூன்றே மடிப்பு, அதற்கு மேல் வேண்டாம். கோடுகள் தடிமனாக, மடிப்புகளுக்கு நடுவே நல்ல இடைவெளியோடு இருக்கட்டும். இங்கே ஒரு ஆபத்து உண்டு. பின்னலை நேராக நிறுத்தி வரைந்தால் பார்ப்பவருக்கு நெற்கதிர் மாதிரித் தெரியும். அரிசி மண்டி லோகோ என்று நினைத்துவிடுவார்கள். இதற்கு மருந்து குஞ்சலம்தான். பின்னலின் அடியில் மூன்று சின்ன உருண்டைகள் தொங்கினால் யாருக்கும் சந்தேகம் வராது. பெயராக ஒதுக்கினதை லோகோவில் சேர்த்துக்கொள்ளலாம். வரைந்து முடித்ததும் பெயரை மறைத்துவிட்டு, பள்ளிக்கூடம் போகிற ஒரு குழந்தையிடம் காட்டி என்னவென்று கேளுங்கள். 'சடை' என்றோ 'ஜடை' என்றோ சொன்னால் சரி. 'கதிர்' என்றால் மறுபடியும் வரைய வேண்டும்.

எழுத்துக்கு நான் சொல்வது, கூகுள் எழுத்துருக்களில் இலவசமாகக் கிடைக்கும் Baloo Thambi 2 அல்லது Hind Madurai. இரண்டையும் கடைப் பலகைக்குப் பயன்படுத்த உரிமம் இடம் தருகிறது. Baloo Thambi 2 உருண்டையாக, பெண்கள் கடைக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் அதன் மிகத் தடித்த வடிவத்தை எடுக்காதீர்கள். உங்கள் பெயரில் 'ன்ன' என்று இரண்டு னகரம் பக்கத்தில் பக்கத்தில் வருகிறது. எழுத்து ரொம்பத் தடித்தால் சுழிக்குள் இருக்கிற வெற்றிடம் அடைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து இரண்டு கறுப்புக் கட்டிகளாகத் தெரியும். SemiBold போதும். புள்ளிகளைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லுங்கள். 'ன்' மேலும் 'ல்' மேலும் உள்ள புள்ளி மாடி உயரத்தில் முதலில் மறைவது, மறைந்தால் பெயரே மாறிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கடைக்காரரே அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். பல கடைகளில் இன்னும் பழைய, யூனிகோட் இல்லாத எழுத்துருக்கள்தான். நகலெடுத்து ஒட்டும்போது எழுத்து சிதறும், திரும்ப அடிக்கும்போது புள்ளி விட்டுப்போகும். லோகோ செய்பவரிடமிருந்து எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிய PDF அல்லது SVG கோப்பை வாங்குங்கள். கூடவே பின்னணி இல்லாத PNG ஒன்று, முழுக் கறுப்பில் ஒன்று, இருண்ட பின்னணிக்கு வெள்ளையில் ஒன்று. பணம் கொடுக்கும் முன் இந்த நான்கும் கையில் இருக்க வேண்டும். அச்சுக்குப் போகும் முன் ஒரு முறை எழுத்தெழுத்தாகப் படித்துவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கடை மேற்குப் பார்த்தது. வேலூர் மாவட்டத்து வெயில் உங்களுக்குத் தெரியும், சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரியைத் தாண்டும். மதியத்துக்கு மேல் முழு வெயிலும் உங்கள் பலகையில்தான் விழும். ஃப்ளெக்ஸில் அச்சாகும் மைகளில் பொதுவாக முதலில் வெளுப்பது பிங்க்குக்கு ஆதாரமான மெஜன்டாவும் மஞ்சளும்தான். நீலமும் கறுப்பும் அதிக நாள் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் பிங்க் பலகைகள் வெளிறிப் போய் நிற்கின்றன. பார்லர் பலகை வெளிறியிருந்தால் உள்ளே உள்ள க்ரீமும் பழசோ என்ற சந்தேகம் வருவது இயற்கை.

நான் பரிந்துரைப்பது மயில்கழுத்து நிறம். புடவையில் பெண்கள் பார்த்துப் பழகிய நிறம், நீலமும் கறுப்பும் கலந்து வருவதால் வெயிலிலும் நிற்கும். வெள்ளை அல்லது சந்தன வெள்ளைப் பின்னணியில் மயில்கழுத்து எழுத்து, அவ்வளவே. இரண்டாவது நிறம் ஆசையாக இருந்தால் குஞ்சலத்தின் மூன்று உருண்டைகளுக்கு மட்டும் கொஞ்சம் அரக்கு வைக்கலாம். அது வெளுத்தாலும் பெயர் கெடாது.

பலகையை அளந்து பார்ப்போம். முகப்பு பத்து அடி, உயரம் மூன்று அடி என்று வைத்துக்கொள்வோம். பலகைத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: வசதியாகப் படிக்க, பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. எதிர் நடைபாதையிலிருந்து மாடிப் பலகை ஐம்பது அடி என்றால் ஐந்து அங்குலம் குறைந்தபட்சம். வண்டியில் போகிறவருக்கு அது போதாது, இரண்டு மடங்குக்கு மேல் போங்கள். தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதம் சொல்லப்பட்டிருக்கிறது. அதன்படி 'பின்னல்' பதினான்கு அங்குல உயரம், அதற்குக் கீழே Pinnal எட்டு அங்குலம், அதன் கீழ் 'மகளிர் அழகு நிலையம்' நான்கு அங்குலம். மொத்தம் இருபத்தாறு. முப்பத்தாறு அங்குலத்தில் மீதி பத்து அங்குலம் வரிகளுக்கு இடையிலும் மேலும் கீழும் காலியாக இருக்கட்டும். அந்தக் காலி இடம்தான் எழுத்தைத் தூக்கிக் காட்டுகிறது. கடைக்காரர் அங்கே த்ரெடிங், வேக்ஸிங், பிரைடல் மேக்கப் என்று நிரப்பப் பார்ப்பார், விடாதீர்கள். இடது பக்கம் பின்னல் வடிவம் ஒன்றரை அடி அகலத்தில் நிற்கும். போன் எண் பலகையில் வேண்டாம், கதவில் எழுதுங்கள்.

மாடிக் கடைக்கு இன்னொரு பலகை அவசியம். படிக்கட்டின் அடியில், நடப்பவர் கண் உயரத்தில், ஓரடிக்கு ஒன்றரை அடியில் அதே பின்னல் வடிவம், 'பின்னல்', மேல்நோக்கிய அம்புக்குறி, அதற்குக் கீழே 'மகளிருக்கு மட்டும்'. மாடியில் யார் இருப்பார்களோ என்ற தயக்கத்தில் படியேறாமல் திரும்பிப் போகிற பெண்கள் நிறைய. புர்கா அணிந்து வருபவர்களுக்கும், தனியாக வரும் கல்லூரிப் பெண்களுக்கும் அந்த ஒரு வரி பெரிய நிம்மதி. மேலே இருக்கும் பலகையை விட இதுதான் உங்களுக்கு அதிக ஆளை ஏற்றிவிடும் என்று நான் நம்புகிறேன்.

எதில் செய்வது? முதல் மூன்று மாதம் ஃப்ளெக்ஸ் போதும். எந்தக் கோணத்தில் மறைகிறது, மரமோ கம்பமோ குறுக்கே வருகிறதா, இரவில் வெளிச்சம் பத்துமா என்று அதற்குள் தெரிந்துவிடும். பிறகு ஏசிபி எனும் அலுமினியக் கூட்டுத் தகட்டில் அக்ரிலிக் எழுத்து ஒட்டிய பலகைக்கு மாறுங்கள். அதில் நிறம் மேலே அச்சடித்தது இல்லை, பொருளிலேயே கலந்தது, அதனால் வெயில் சீக்கிரம் தின்னாது.

சிரசு வைகாசி முதல் தேதி. அதற்கு முந்தைய நாளே ஊர் நிறைந்துவிடும், ஃப்ளெக்ஸ் கடைகளில் வாழ்த்துப் பேனர் வேலை குவியும். ஆகவே பங்குனிக்குள் பெயரைச் சோதித்து, தேடிப் பார்த்து முடித்துவிடுங்கள். சித்திரை முதல் வாரத்தில் லோகோ கோப்புகள் கையில் இருக்க வேண்டும், இரண்டாம் வாரத்தில் அச்சு, மூன்றாம் வாரத்தில் பலகை மாட்டிவிட வேண்டும். மாட்டிய அன்று சாயங்காலம் எதிர்ப்பக்கம் நின்று ஒரு போட்டோ எடுங்கள். அதை போனில் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்து, 'ன்' மேல் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் திருவிழாவுக்கு முன் மாற்ற இன்னும் ஒரு வாரம் இருக்கும்.